உப்புக்குக் குச்சி குத்தாதீங்க!

"அக்கா, உப்பு தண்ணியில கரையும்போது இந்தக் குச்சி உடைஞ்சிருமா?"

ஒன்பதாம் வகுப்பு, ரெண்டாவது பெஞ்ச், ஜன்னலோரம். கேட்ட பொண்ணு கையில நாங்க செஞ்சு கொடுத்த மாடல். ஒரு பெரிய மஞ்சள் உருண்டை, ஒரு சின்ன வெள்ளை உருண்டை, நடுவுல ஒரு ஈர்க்குச்சி. குளோரின், சோடியம், பிணைப்பு. "ஆமா, உடைஞ்சிரும்"னு சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்துச்சு: "அப்போ சீனி கரையும்போதும் அதோட குச்சி எல்லாம் உடையுமா?"

வாயைத் திறந்தேன், பதில் வரல. ஏன்னா சீனி கரையும்போது ஒரு சகப்பிணைப்புகூட உடையாது. மூலக்கூறு முழுசா அப்படியே தண்ணிக்குள்ள போகும். ஆனா எங்க மேஜை மேல உப்புக்கும் ஈர்க்குச்சி, தண்ணி மூலக்கூறுக்கும் அதே ஈர்க்குச்சி. ரெண்டு வேற வேற விஷயத்துக்கு ஒரே குச்சியைக் குத்தி வச்சுட்டு, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பாடம் நடத்திட்டு இருந்தோம். அந்தப் பொண்ணு கேட்டது பாடத்துல இருந்த சந்தேகம் இல்ல, எங்க மாடல்ல இருந்த தப்பு.

நம்ம கல்லூரியிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை கிராமத்துப் பள்ளிகளுக்குப் போறவங்க நிறைய பேர் இதைப் படிப்பீங்க. இந்த வருஷம் புதுசா சேரப் போறவங்களும் இருப்பீங்க. வேதிப்பிணைப்பு பாடம் வந்தா எல்லாரும் செய்யிற முதல் காரியம் உருண்டையும் குச்சியும்தான். செலவு இல்ல, கலரா இருக்கும், போட்டோவுக்கும் நல்லா இருக்கும். என் கருத்து இதுதான்: சகப்பிணைப்புக்குக் குச்சி குத்துங்க. உப்புக்குக் குத்தாதீங்க. ஆய்வகம் இல்லாத பள்ளியில நாம கொண்டு போற மாடல்தான் அந்தப் பசங்க பார்க்கிற ஒரே ஆய்வகம். அதுல தப்பு இருந்தா, அதைத் திருத்த பக்கத்து அலமாரியில வேற எதுவும் இருக்காது.

முதல்ல, குச்சின்னா என்னன்னு முடிவு பண்ணணும். ரெண்டு வாரம் கழிச்சு அதே வகுப்புக்குப் போனப்போ குச்சியை வெளியவே எடுக்கல. வளையலும் புளியங்கொட்டையும் கொண்டு போனோம். ஒரு வளையல் ஒரு அணுவோட வெளிக்கூடு, ஒரு புளியங்கொட்டை ஒரு எலக்ட்ரான். ஆக்சிஜன் வளையல்ல 6 கொட்டை, ரெண்டு ஹைட்ரஜன் வளையல்ல ஆளுக்கு 1 கொட்டை. ஹைட்ரஜன் வளையலை ஆக்சிஜன் வளையல் மேல கொஞ்சம் ஏறி நிக்கிற மாதிரி வைக்கணும். ஏறி நிக்கிற அந்தச் சின்ன இடத்துல, ஹைட்ரஜனோட கொட்டை ஒண்ணு, ஆக்சிஜனோட கொட்டை ஒண்ணு. இப்போ பசங்களை எண்ணச் சொல்லுங்க. ஆக்சிஜன் வளையலுக்குள்ள எத்தனை? 8. ஒவ்வொரு ஹைட்ரஜன் வளையலுக்குள்ளயும்? 2. நடுவுல இருக்கிற கொட்டையை ரெண்டு பக்கமும் எண்ணிக்கிறாங்க. பங்கு போடுறதுன்னா வெட்டிப் பிரிக்கிறது இல்ல, ஒரே பொருளை ரெண்டு பேரும் தன் கணக்குல எழுதிக்கிறதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. 1916ல கில்பர்ட் லூயிஸ் சொன்ன எலக்ட்ரான் ஜோடிக் கருத்து இவ்வளவுதான்.

இதுக்கு அப்புறம்தான் ஈர்க்குச்சி வரணும். "நடுவுல இருக்கிற ரெண்டு கொட்டைக்குப் பதிலா ஒரு குச்சி" அப்படின்னு ஒப்பந்தம். ஒரு குச்சி, ரெண்டு கொட்டை. ஆக்சிஜன் வாயுவுக்கு நடுவுல நாலு கொட்டை வருது, அதனால ரெண்டு குச்சி. நைட்ரஜனுக்கு மூணு. இப்போ குச்சிக்கு ஒரு அர்த்தம் இருக்கு. அது எந்த ரெண்டு அணுவுக்கு நடுவுல இருக்குன்னும் தெளிவா இருக்கு.

அடுத்து சோடியம், குளோரின். சோடியம் வளையல்ல 1 கொட்டை, குளோரின் வளையல்ல 7. சோடியத்தோட கொட்டையை எடுத்து குளோரின் வளையலுக்குள்ள போட்டாச்சு. சோடியம் வளையல் காலி, அதுக்குக் கீழ இருந்த கூடு இப்போ வெளிக்கூடு. சோடியத்துமேல + சீட்டு, குளோரின்மேல − சீட்டு. பாடப்புத்தகத்துல அம்புக்குறி போட்ட படம் இதுதான். தேர்வுல கேட்கிறதும் இதுதான். சரி, இப்போ அந்தப் பசங்ககிட்ட கேளுங்க: ரெண்டு வளையலுக்கும் நடுவுல ஏறி நிக்கிற இடம் எங்க? இல்ல. நடுவுல பொதுவா இருக்கிற ஜோடி எங்க? இல்ல. அப்போ குச்சி எங்க குத்துறது? குத்த இடமே இல்ல.

இங்கதான் ஒரு பெரிய பள்ளம் இருக்கு. எலக்ட்ரான் மாறுறதுதான் அயனிப் பிணைப்புன்னு நம்மில் பாதிப் பேர் இன்னும் நினைச்சுட்டு இருக்கோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எலக்ட்ரான் மாறுறது அயனி உருவாகிற ஒரு வழி. பிணைப்புங்கிறது அதுக்கு அப்புறம் + க்கும் − க்கும் நடுவுல இருக்கிற ஈர்ப்பு. அந்த ஈர்ப்புக்கு "எனக்கு எலக்ட்ரான் கொடுத்தவன் யாரு"ங்கிற ஞாபகம் எல்லாம் கிடையாது. எந்தப் பக்கம் எதிர் மின்சுமை வந்தாலும் இழுக்கும்.

சந்தேகம் இருந்தா தூத்துக்குடி உப்பளத்தை நினைச்சுப் பாருங்க. பாத்தியில உப்பு விளையும்போது எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்கு எலக்ட்ரான் கொடுக்குது? ஒண்ணும் கொடுக்கல. ஒரு லிட்டர் கடல்நீர்ல சுமார் 35 கிராம் உப்புகள், முதல்லயே தனித்தனி அயனிகளா மிதந்துக்கிட்டு இருக்கு. வெயில் தண்ணியை மட்டும் எடுத்துட்டுப் போகுது. இடம் குறையக் குறைய + ம் − ம் நெருங்கி அடுக்கிக்குது. ஒரு எலக்ட்ரான்கூடக் கைமாறாம டன் கணக்குல அயனிப் பிணைப்பு உருவாகுது! அப்பா அளத்து வேலைக்குப் போற ஒரு பையன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்புக்குறிப் படம் காட்டினப்போ அவன் நிமிரல.

சரி, குச்சி இல்லாம உப்பை எப்படிக் காட்டுறது? மைதா மாவு போதும். கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையில லேசா ஒட்டுற பதத்துக்குப் பிசையணும். ஒரு பங்குல மஞ்சள் தூள் கலந்துக்கங்க, அது குளோரைடு. இன்னொரு பங்கு வெள்ளை, அது சோடியம் அயனி. அளவு முக்கியம். குளோரைடு அயனியோட ஆரம் சுமார் 181 பிக்கோமீட்டர், சோடியம் அயனியோடது சுமார் 102. அதனால மஞ்சள் உருண்டை 18 மில்லிமீட்டர்னா வெள்ளை 10 மில்லிமீட்டர். ஸ்கேல் மேல வச்சு உருட்டிப் பார்த்தாப் போதும்.

மஞ்சள் 14, வெள்ளை 13. மூணு அடுக்கு, அடுக்குக்கு மூணு வரிசை, வரிசைக்கு மூணு. கீழ் அடுக்குல நாலு மூலையிலயும் நடுவுலயும் மஞ்சள், மிச்ச நாலு இடத்துல வெள்ளை. நடு அடுக்குல அப்படியே மாத்தி, மூலைகள்லயும் நடுவுலயும் வெள்ளை, மிச்ச நாலுல மஞ்சள். மேல் அடுக்கு திரும்பவும் கீழ் அடுக்கு மாதிரி. லேசா அழுத்தினா மாவோட ஒட்டுதலே பிடிச்சுக்கும். குச்சி வேண்டாம். கட்டி முடிச்சதும் மேல் அடுக்கை மெதுவா எடுத்துட்டு, நட்டநடுவுல இருக்கிற வெள்ளை உருண்டையைத் தொட்டுக்கிட்டு இருந்த மஞ்சளை எண்ணச் சொல்லுங்க. சுத்தி நாலு, கீழ ஒண்ணு, எடுத்த அடுக்குல ஒண்ணு. மொத்தம் 6. "இதுல எது அதோட ஜோடி?"ன்னு கேளுங்க. வகுப்பு அமைதியாகும். அந்த அமைதிதான் பாடம்.

ஒரு பையன் உருண்டைகளை எண்ணிட்டு, "14ம் 13ம் எப்படிக்கா NaCl ஆகும்?"னு கேட்டான். நல்ல கேள்வி. இது ஒரு படிகத்தோட சின்ன மூலை மட்டும்தான். கல்லுப்புல 3 மில்லிமீட்டர் சதுரக் கட்டி ஒண்ணை எடுத்தா, அதோட ஒரு விளிம்புல மட்டும் ஒரு கோடிக்கு மேல அயனிகள் வரிசையா நிக்கும். அந்த அளவுல ரெண்டும் சமம்னு வச்சுக்கலாம். NaCl அப்படிங்கிறது ரெண்டு பேர் கைகோத்து நிக்கிற போட்டோ இல்ல, ஊர் மக்கள்தொகையோட விகிதம். உப்புல "ஒரு NaCl மூலக்கூறு"ன்னு தனியா பிரிச்சு எடுக்க எதுவும் இல்ல.

இதை நம்ப முடியாம தவிச்சது நாம மட்டும் இல்ல. 1913ல பிராக், அப்பாவும் மகனும், எக்ஸ் கதிர் வச்சு உப்புப் படிகத்தோட அமைப்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுல மூலக்கூறுன்னு தனியா ஒண்ணுமே இல்ல, சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி அடுக்குதான். இதைப் பொறுக்க முடியாம ஹென்றி ஆம்ஸ்ட்ராங் அப்படிங்கிற மூத்த வேதியியலாளர் 1927லயும் நேச்சர் இதழுக்குக் கிண்டலாக் கடிதம் எழுதினார். அவ்வளவு பெரிய ஆளுக்கே ஜோடி ஜோடியாத்தான் பார்க்க வந்துச்சுன்னா, நாம ஒரு குச்சியால ஜோடி சேர்த்துக் கொடுத்த பசங்க எப்படி வேற மாதிரி நினைப்பாங்க?

மாடல் சரியான்னு பார்க்கிறதுக்கு ஒரே வழி, அது சொல்றது நிஜப் பொருள்ல நடக்குதான்னு பார்க்கிறதுதான். எங்களுக்கு ரெண்டு சோதனை கை கொடுத்துச்சு.

முதலாவது, உடைக்கிறது. மாவு மாடல்ல மேல் அடுக்கை ஒரு உருண்டை அளவு தள்ளினா மஞ்சளுக்கு மேல மஞ்சள் வந்து நிக்கும். − க்கு மேல −. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். அப்போ படிகம் வளையாது, பிளந்துக்கும். இப்போ ஒரு நல்ல கல்லுப்புக் கட்டியைத் துணியில சுத்தி ஒரு தட்டு தட்டுங்க. நசுங்காது, உடையும். துண்டுகளைப் போன் கேமராவுல பெருசாக்கிப் பார்த்தா தட்டையான முகம், செங்கோண விளிம்பு. பக்கத்துல ஒரு மெழுகுத் துண்டை அழுத்திப் பாருங்க, அது அமுங்கும். மெழுகு மூலக்கூறுக்குள்ளதான் குச்சி இருக்கு. ஒரு மூலக்கூறுக்கும் இன்னொரு மூலக்கூறுக்கும் நடுவுல குச்சி இல்ல, ரொம்ப மெல்லிசான ஈர்ப்புதான்.

இந்த இடத்துல இன்னொரு தப்பு காத்துட்டு இருக்கும். "மெழுகு சீக்கிரம் உருகுது, அதனால சகப்பிணைப்பு பலவீனம்"னு வகுப்புல யாராவது சொல்வாங்க. நாமே சொல்லிடுவோம். மெழுகு உருகினப்போ ஒரு குச்சிகூட உடையல. ஆறினதும் அதே மெழுகு திரும்ப வருதே! மூலக்கூறுகள் ஒண்ணை விட்டு ஒண்ணு வழுக்கிச்சு, அவ்வளவுதான். குச்சி உடையிறதைப் பார்க்கணும்னா சீனியைக் கரண்டியில சூடாக்குங்க. உருகி, பழுப்பாகி, கருகும். ஆறின பிறகு அது பழைய சீனி இல்ல. அதனால உருகுறதுக்கு உதாரணம் காட்ட சீனியை எடுக்காதீங்க, மெழுகுதான் சரி. தூள் உப்பை அதே கரண்டியில போட்டா மெழுகுவர்த்திச் சூட்டுக்கு அசையாது, ஏன்னா அது உருக 801 டிகிரி செல்சியஸ் வேணும். கல்லுப்பைப் போட வேண்டாம். உள்ள மாட்டியிருக்கிற ஈரம் ஆவியாகி வெடிச்சுத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

ரெண்டாவது சோதனை நம்ம ஏரியா. 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., 330 ஓம் ரெசிஸ்டர், ரெண்டு முனையும் சீவின ரெண்டு பென்சில். எல்லாம் வரிசையா இணைச்சு, பென்சில் முனைகளைத் தம்ளருக்குள்ள விடணும். எல்.இ.டி. எடுத்துக்கிற 2 வோல்ட் போக, பென்சில் முனைகள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சாலும் 21 மில்லியாம்பியருக்கு மேல போகாது. வீட்டு மின்சாரத்துல பல்பை மாட்டி உப்புத்தண்ணிக்குள்ள ஒயர் விடுற பழைய செய்முறையைத் தயவுசெஞ்சு யாரும் பள்ளிக்கூடத்துல செய்யாதீங்க.

வாணலியில வறுத்து ஆற வச்ச தூள் உப்புல பென்சிலைக் குத்தினா எல்.இ.டி. எரியாது. அயனிகள் இருக்கு, நகர இடம் இல்ல. தண்ணியில கரைச்சா பளிச்சுன்னு எரியும். அடுக்கு கலைஞ்சு அயனிகள் தனித்தனியாப் போயிடுச்சு. சீனித்தண்ணியில எரியக் கூடாது. ஆனா எங்களுக்கு எரிஞ்சுது! மங்கலா, ஆனா எரிஞ்சுது. "அப்போ சீனியும் அயனியா?"ன்னு வகுப்பே சிரிச்சுது. எனக்கு வேர்த்துப் போச்சு. அப்புறம் வகுப்பாசிரியர்தான் வெறும் தண்ணியை மட்டும் ஒரு தம்ளர்ல வச்சுப் பார்க்கச் சொன்னார். அதுலயும் அதே மங்கல் வெளிச்சம். பள்ளிக்கூடத்துல இருந்தது போர் தண்ணி. பாத்திரத்துல வெள்ளையாப் படியிற உப்பு எல்லாம் அதுக்குள்ள அயனியா இருக்கு. கேன் தண்ணி வாங்கிச் சீனி கரைச்சா வெளிச்சம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியல. அதனால எப்பவும் வெறும் தண்ணியை முதல்ல பாருங்க. அதோட ஒப்பிட்டுத்தான் மத்தது. ஒவ்வொரு தடவையும் சில நொடி போதும். உப்புத்தண்ணியில ரொம்ப நேரம் விட்டா ஒரு பென்சில் முனையில குளோரின் வாடை வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இப்போ அந்தப் பொண்ணோட ரெண்டு கேள்விக்கும் பதில் மேஜை மேலயே இருக்கு. உப்பு கரையும்போது குச்சி உடையல, ஏன்னா குச்சியே இல்ல; அடுக்குதான் கலையுது. சீனி கரையும்போதும் குச்சி உடையல, ஏன்னா மூலக்கூறு முழுசா இருக்கு. அதனாலதான் விளக்கு எரியல.

எங்க குழுவுலயே ஒருத்தர் எதிர்த்தார். "கடையில விக்கிற உப்பு மாடல்லயும் குச்சி இருக்கே, பெரிய பள்ளி ஆய்வகத்துல எல்லாம் அதுதானே?" உண்மைதான். அந்தக் குச்சி, உள்ள இருக்கிற அயனியும் கண்ணுக்குத் தெரியணும்னு இடைவெளி விட்டு நிறுத்துற சாரம். கட்டடம் கட்டும்போது நிக்கிற சவுக்குக் கம்பு மாதிரி. அதைச் சொல்லிட்டுக் காட்டினா பிரச்சினை இல்ல. யாரும் சொல்றதில்ல. இன்னொருத்தர், "பசங்களைக் குழப்பாதீங்க, அம்புக்குறிப் படம் போட்டா மார்க் வந்துரும்"னார். படத்தை நாங்களும் போட்டோம், வளையல்ல. மார்க்கும் வரும். ஆனா அடுத்த வருஷங்கள்ல கரைதல், மின்னாற்பகுப்புன்னு வரும்போது, உப்புக்குள்ள ஜோடி மூலக்கூறு இருக்குன்னு நம்புற பிள்ளை ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியா மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கடனை வாங்கிக் கொடுத்தது நம்ம குச்சி.

இந்த மாவு மாடலுக்கும் எல்லை உண்டு. கடைசியில ஒருத்தன் வெளிய போய் ஒரு பிடி மணல் அள்ளிட்டு வந்து கரண்டியில போட்டான். உருகல. "இதுவும் உப்பு மாதிரி அயனியாக்கா?" இல்ல. மணல்ல சிலிக்கானும் ஆக்சிஜனும் படிகம் முழுக்கக் குச்சியாலயே கோத்திருக்கு. அங்க உருகணும்னா குச்சியே உடையணும். உருகலைங்கிறதை மட்டும் வச்சு அயனின்னு முடிவு பண்ண முடியாது. உருக்கின உப்பு மின்சாரம் கடத்துறதை இந்த மேஜையில காட்டவும் முடியாது, அதுக்கு நிஜமாவே ஒரு ஆய்வகம் வேணும். அதை அந்தப் பசங்ககிட்ட அப்படியே சொல்லிட்டுத்தான் வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை நீங்க கிளம்பும்போது பையில வளையல், புளியங்கொட்டை, மாவு, ஒரு கேன் தண்ணி இருக்கட்டும். ஈர்க்குச்சியும் எடுத்துக்கங்க. ஆனா ஒவ்வொரு குச்சியையும் குத்துறதுக்கு முன்னாடி, அதுக்குள்ள இருக்கிற ரெண்டு புளியங்கொட்டை எங்கன்னு உங்களை நீங்களே ஒரு தடவை கேட்டுக்கங்க. காட்ட முடியலைன்னா, குத்தாதீங்க.